நெற்றி சுருங்கியது, அதுதான் பயம்: ஒரு பொங்கல் காலைப் படமும் 34 நிமிடமும்

யாழ்ப்பாணத்தில் அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் வேலை செய்யும் வைத்தியர் நான். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நேரங்களையும் மருத்துவ விபரங்களையும் மாற்றவில்லை, ஏனென்றால் இது ஒரு பாரிசவாதத்தின் கதை, அந்தக் கதையே நேரத்தைப் பற்றியது.

பின்னணி

வடமராட்சியில் மகன் குடும்பத்தோடு இருக்கும் 64 வயது அம்மா. பிரஷர் பத்து வருடமாக இருக்கிறது. குளிசையை ஒழுங்காகப் போடுவார், ஆனால் விசேஷ நாட்களில் மறந்துபோவார். மகள் ரொறன்ரோவில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார்.

இன்னொருவரையும் இங்கே சொல்லவேண்டும். மருமகளின் தம்பிக்கு அதற்கு முந்திய வருடம் முகவாதம் வந்தது. முதல் நாள் காதுக்குப் பின்னால் ஒரு நோ. அடுத்த நாள் காலையில் பல் துலக்கும்போது வாயில் எடுத்த தண்ணீர் வலப்பக்கத்தால் வழிந்தது. வலது கண் மூடவில்லை, வலப்பக்க நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. குழந்தை அழுதால் அந்தக் காதுக்கு மட்டும் பெரிய சத்தமாகக் கேட்டதாம். ப்ரெட்னிசொலோன் குளிசை கொடுத்தார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், இரவில் கண்ணை மூடி ஒட்டச் சொன்னார்கள். மூன்றாவது கிழமையில் முகம் திரும்பத் தொடங்கி, இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது.

அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் முகவாதம் தெரியும். அது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஆறிவிடும் என்பதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட பாடம். தவறான பாடம் என்று சொல்லமாட்டேன். தவறான ஆளுக்குப் பொருத்திவிட்டார்கள்.

அன்று காலை

தைப்பொங்கல். முற்றத்தில் கோலம் போட்டு, கரும்பு கட்டி, பானை வைத்திருக்கிறார்கள். பால் பொங்கியதும் அம்மா இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றி உள்ளே போடுகிறார். பேரன் அதை 6.42க்கு வீடியோ எடுத்திருக்கிறான். கை இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, ஒரு மணி அரிசி சிந்தவில்லை.

7.04க்கு மருமகள் எடுத்த படத்தில் அம்மா இடது கையில் சர்க்கரைக் கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரிக்கிறார். உதட்டின் இரண்டு ஓரமும் சமமாக மேலே போயிருக்கின்றன.

7.31க்குப் படையலுக்கு முன்னால் எல்லோரையும் சேர்த்துப் பேரன் செல்ஃபி எடுத்தான். அதில் அம்மாவின் வாய் ஒரு பக்கம் தொங்குகிறது. மூக்கின் அருகிலிருந்து உதட்டோரம் வரும் மடிப்பு அந்தப் பக்கத்தில் தட்டையாகக் கிடக்கிறது. பக்கத்தில் நின்ற ஆறு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லமுடியாது. கதைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு இருக்கும் பழகிய முகத்தில் இது எளிதில் தப்பிவிடும். படம் அந்த முகத்தை ஒரு கணத்தில் நிறுத்திவைத்தது. அம்மாவும் முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

7.52க்குப் பேரன் எல்லாப் படங்களையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

படத்தை இரண்டு பக்கமும் பார்த்தவர்கள்

மகள் அதைப் பார்த்தபோது இங்கே நேரம் 8.05. அங்கே முதல்நாள் இரவு 9.35. உடனே அண்ணனுக்கு எடுத்திருக்கிறார்.

“அண்ணா, அம்மாவின்ர வாயைப் பாருங்கோ. வலப்பக்கம் இழுத்திருக்கு.”

அண்ணன் போய் அம்மாவின் வலப்பக்கத்தைப் பார்த்தார். வலது உதட்டோரம் நன்றாகத்தான் இருந்தது. “ஒண்டுமில்லை, அடுப்புப் புகை பட்டிருக்கு. ராத்திரி நித்திரையும் இல்லை” என்றார்.

இங்கே இரண்டு குழப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. முதலாவது, முன்பக்கக் கமரா. சில போன்கள் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றியே சேமிக்கும். மகள் பராமரிப்பு வேலை செய்பவர், எதிரில் இருப்பவரின் வலம் தனக்கு இடம் என்று திருப்பிக் கணக்குப் பார்க்கப் பழகியவர். சரியாகத்தான் திருப்பினார், ஆனால் படம் ஏற்கெனவே திரும்பியிருந்தது. பின்னர் அந்தப் படத்தை நான் பார்த்தபோது அம்மாவின் சேலை முந்தானை வலது தோளில் கிடந்தது. அவர் ஒருநாளும் அப்படி உடுத்துவதில்லை. பின்னால் சுவரில் தொங்கிய கலண்டரின் எழுத்துகளும் இடம்வலம் மாறி இருந்தன. உண்மையில் தொங்கியது இடப்பக்கம்.

இரண்டாவது, ‘இழுத்திருக்கு’ என்ற சொல். எங்கள் பேச்சில் ‘வாய் வலப்பக்கம் இழுத்திட்டுது’ என்றால் எந்தப் பக்கம் பலவீனம்? நல்ல பக்கத்துத் தசைதான் வாயைத் தன் பக்கம் இழுக்கும். செத்த பக்கம் சும்மா தொங்கும். ஆக, வாய் வலப்பக்கம் இழுபட்டிருந்தால் நோய் இடப்பக்கத்தில். இதைக் கேட்டு வாங்கும்போது வைத்தியர்களுக்கே தடுமாற்றம் வரும். ‘எந்தப் பக்கம்’ என்று போனில் விவாதிப்பதே வீண். முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது மட்டும் போதும்.

நெற்றியைச் சுருக்கச் சொன்னது

மகள் விடவில்லை. வீடியோ அழைப்பு எடுத்தார். இதற்குள் மருமகள், அவருடைய தம்பி, அடுத்த வீட்டுக்காரி எல்லோரும் கூடிவிட்டார்கள். தம்பிக்குத் தன் அனுபவம் நினைவிருந்தது. வைத்தியர் தன்னிடம் செய்யச் சொன்னவற்றை அம்மாவிடம் செய்யச் சொன்னார். புருவத்தை உயர்த்தச் சொன்னார், நெற்றியில் இரண்டு பக்கமும் கோடுகள் விழுந்தன. கண்ணை இறுக்க மூடச் சொன்னார், இரண்டும் மூடின.

“எனக்கு வந்த மாதிரி இல்லை. கண் மூடுது, நெத்தி சுருங்குது. இது லேசான முகவாதம்தான், காத்துப் பட்டிருக்கும். நாளைக்குக் காட்டலாம்.”

இந்தக் கூற்றுத்தான் என்னை இதை எழுத வைத்தது. அவர் பார்த்தது முழுக்கச் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு நேர் எதிர்.

முகத்தின் தசைகளை ஆட்டும் கட்டளை மூளையின் மேற்பகுதியில் தொடங்கி, மூளைத்தண்டில் உள்ள ஒரு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து முக நரம்பு வழியாக முகத்துக்குப் போகிறது. முகத்தின் கீழ்ப்பாதிக்கு முக்கியமாக எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டுமே கட்டளை வருகிறது. நெற்றிக்கோ மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. எனவே மூளையின் வலப்பக்கத்தில் இரத்தம் அடைபட்டால் இடது வாயோரம் தொங்கும், இடது நெற்றியோ மறுபக்க மூளையின் உதவியோடு சுருங்கிக்கொண்டே இருக்கும். முக நரம்பே வீங்கி நசுங்கினால், அதாவது முகவாதத்தில், எல்லாக் கட்டளையும் போகும் கடைசிக் கம்பியே அறுந்த மாதிரி. நெற்றி, கண், வாய் மூன்றும் சேர்ந்து விழும்.

ஆகவே பாதி முகம் முழுக்கச் செத்துக் கண் மூடாமல் பயங்கரமாகத் தெரிவது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. வாயோரம் மட்டும் சற்றே தொங்கி, ‘லேசாக’ தெரிவதுதான் பாரிசவாதமாக இருக்கக்கூடியது. பார்க்கிற கண்ணுக்கு இது ஏறுமாறாகப் படுகிறது. படிக்கும் காலத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு யாரும் வீட்டிலேயே நெற்றியைப் பார்த்து ‘முழுக்க விழுந்திருக்கு, அப்ப பயமில்லை’ என்று இருந்துவிடக் கூடாது. மூளைத்தண்டில் அந்த நிலையம் இருக்கும் இடத்திலேயே அடைப்பு வந்தால் நெற்றியும் சேர்ந்துதான் விழும். அப்போது பொதுவாக இரட்டைப் பார்வை, தலைசுற்று, கைகால் சோர்வு என்று வேறு ஏதாவது கூட இருக்கும், ஆனால் அதைத் தேடிப் பிரிப்பது கட்டிலோரம் நிற்கும் வைத்தியரின் வேலை. உண்மையான முகவாதத்துக்கும் குளிசையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன். எந்த முகமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், புதிதாக வாய் கோணினால் உடனே.

கை இறங்கியது

8.36க்கு மகளுக்குத் தன் வேலையிடத்துப் பயிற்சி நினைவுக்கு வந்தது. அம்மாவைக் கண்ணை மூடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பத்து விநாடி பிடிக்கச் சொன்னார். இடது கை மெல்ல உள்ளே திரும்பி, கீழே இறங்கியது. அம்மாவுக்கு அது இறங்கியதே தெரியவில்லை. “எனக்கொண்டும் இல்லை மோனை, போய்ப் படையலைப் பாருங்கோ” என்றார். சொற்கள் குழறின.

அவர் பொய் சொல்லவில்லை. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்படும்போது சிலருக்குத் தங்கள் இடப்பக்கத்தைப் பற்றிய உணர்வே குறைந்துபோகும். கை விழுந்ததும் தெரியாது, நோயாளி என்பதும் தெரியாது. ‘உங்களுக்கு என்ன செய்யுது’ என்று அவரிடமே கேட்டு முடிவெடுப்பது இந்த நோயில் செல்லாது.

8.40க்கு மகன் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுத்தார். வண்டி வருவதற்குள் இரண்டு விடயம் நடந்தது. அடுத்த வீட்டுக்காரி ஒரு அஸ்பிரின் குளிசை கொண்டுவந்தார். மகள் போனிலேயே தடுத்தார். தடுத்தது சரி. பாரிசவாதத்தில் பெரும்பாலானவை அடைப்பு, ஆனால் ஒரு பகுதி இரத்தக் கசிவு. வெளியிலிருந்து பார்த்து எது என்று யாராலும் சொல்லமுடியாது, ஸ்கானால்தான் முடியும். கசிவாக இருந்தால் அஸ்பிரின் நெருப்பில் எண்ணெய். மற்றது, மருமகள் ஒரு மிடறு கோப்பி கொடுத்தார், அம்மாவுக்குப் புரையேறி இருமல் வந்தது. விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம் என்பதால்தான் ஆஸ்பத்திரியில் சோதிக்கும்வரை தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்கிறோம்.

8.57க்கு வண்டி வந்தது. சீனியைச் சோதித்தார்கள், 168. சீனி மிகவும் குறைந்தாலும் முகமும் கையும் இப்படி விழலாம் என்பதால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிறகு, கிட்ட இருக்கும் ஸ்கான் இல்லாத வைத்தியசாலைக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்தார்கள், முன்கூட்டியே அழைத்தும் சொன்னார்கள். மகன் முதலில் தன் காரில் கிட்டடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நினைத்திருந்தார். அங்கே பதிந்து, பார்த்து, மாற்றி அனுப்பி என்று ஒரு மணித்தியாலம் போயிருக்கும்.

எங்களிடம்

9.44க்கு வந்து சேர்ந்தார். என் முதல் கேள்வி, கடைசியாக நல்லபடி இருந்ததைப் பார்த்தது எப்போது? கண்டுபிடித்தது எப்போது என்பது வேறு கேள்வி, அது எங்களுக்குப் பயன்படாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும், அந்த மணிக்கூடு கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. மகன் “காலமை எட்டு மணி போல” என்றார். தங்கை போன் எடுத்த நேரம் அது.

பேரனின் போனைக் கேட்டு வாங்கினேன். வாட்ஸ்அப்பில் தெரியும் நேரம் அனுப்பிய நேரம்தான், எடுத்த நேரம் அல்ல. ரொறன்ரோவிலுள்ள போனில் பார்த்தால் அந்த நாட்டு நேரம் வேறு. எடுத்த போனிலேயே, கலரியில் படத்தின் விபரத்தைத் திறந்தால்தான் சரியான நேரம் கிடைக்கும். 7.31க்கு வாய் தொங்குகிறது. 7.04க்கு நன்றாக இருக்கிறது, இடது கை கிண்ணத்தைப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எப்போது வந்தது என்று தெரியாது, ஆகவே பாதுகாப்பான பக்கமாக 7.04 என்று எழுதினோம். எங்களுக்கு இருந்த எல்லை 11.34. மகனின் எட்டு மணியை நம்பியிருந்தால் கணக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிழைத்திருக்கும். அன்று அது முடிவை மாற்றியிராது. பிந்தி வரும் இன்னொருவருக்கு, எல்லை தாண்டியபின் ஊசி போட்டு மூளைக்குள் இரத்தம் கசிய வைத்திருக்கலாம்.

சோதனையில் இடது கீழ்முகம் தளர்வு, இடது கை தூக்கினால் கட்டிலில் விழுகிறது, கால் சற்றுச் சோர்வு, பேச்சு குழறல், இடப்பக்கக் கவனக் குறைவு. பாரிசவாதத்தின் கடுமையை அளக்கும் அளவுகோலில் 7. ஸ்கானில் கசிவு இல்லை. பிரஷர் 192க்கு 104 ஆக இருந்தது. 185க்கு 110க்குக் கீழே வராமல் ஊசி போடமுடியாது. லபெட்டலோல் கொடுத்து இறக்க இன்னும் பத்து நிமிடம் போனது. அந்தப் பத்து நிமிடத்தில் மகனிடம் பேசினேன். இந்த ஊசியை நிறுவிய 1995ஆம் ஆண்டு ஆய்வில் நூறில் ஆறு பேர் அளவில் மூளைக்குள் கசிவு வந்து மோசமானார்கள், ஆனாலும் மூன்று மாதத்தின் பின் ஊசி போட்டவர்களில்தான் கூடுதலானோர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்தார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “பிந்தினால்?” பயன் குறையும், ஆபத்து அப்படியே இருக்கும் என்றேன். சம்மதித்தார்.

62 கிலோ எடைக்கு அந்த ஊசி மருந்து, அல்டிப்ளேஸ், 55.8 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கை 10.31க்கு ஒரேயடியாகவும் மீதியை ஒரு மணித்தியாலத்தில் சொட்டுச் சொட்டாகவும் கொடுத்தோம். வாசலில் இருந்து ஊசிவரை 47 நிமிடம். 7.04இல் இருந்து கணக்கிட்டால் 3 மணித்தியாலம் 27 நிமிடம்.

பிறகு

மாலையில் இடது கை கட்டிலில் இருந்து எழும்பி நின்றது. 24 மணித்தியாலத்தின் பின் எடுத்த ஸ்கானில் மூளையின் வலப்பக்கத்தில் சிறிய ஒரு இடம் மட்டும் செத்திருந்தது, கசிவு இல்லை. அளவுகோல் 2. இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்த்ததில் நடுநடுவே ஒழுங்கு தவறுவது பிடிபட்டது. கட்டி அங்கிருந்து கிளம்பியிருக்கவேண்டும். சில நாள் கழித்து இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை தொடங்கினோம். மூன்று மாதத்தில் நடக்கிறார், சமைக்கிறார். இடது விரல்களால் ஊக்கு குத்துவதும் பூக்கட்டுவதும் இன்னும் சரிவரவில்லை. அன்று காலை தனக்கு ஒன்றுமே இருக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்.

மாறியிருக்கவேண்டியவை

8.06க்கு மகள் வாய் கோணலைச் சொன்ன கணத்தில் 1990க்கு எடுத்திருக்கவேண்டும். எந்தப் பக்கம், புகையா, முகவாதமா, நெற்றி சுருங்குதா என்பதெல்லாம் வண்டி வரும்வரை பேசக்கூடியவை. 34 நிமிடம் போய்விட்டது. பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் சராசரியாக ஒரு நிமிடத்தில் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகும் என்று 2006இல் ஒரு கணிப்பு வந்தது. அது சராசரி, இந்த அம்மாவின் கணக்கு அல்ல. அந்த விரல்கள் எந்த நிமிடத்தில் போயின என்று என்னால் சொல்லமுடியாது.

மகளின் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றம். கைச் சோதனையை அவர் 31 நிமிடம் கழித்துத்தான் செய்தார். படத்தில் முகம் கோணலாகத் தெரிந்தால் அது எப்போதும் பாரிசவாதம் அல்ல. நிழலாக இருக்கலாம், பழைய முகவாதத்தின் மிச்சமாக இருக்கலாம், கழற்றிவைத்த பொய்ப்பல்லாக இருக்கலாம். பழைய படமொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். கையை நீட்டச் சொல்லவும் ஒரு வசனம் பேசச் சொல்லவும் இன்னும் அரை நிமிடம். ஆனால் கையும் பேச்சும் நன்றாக இருந்தாலும், நேற்று இல்லாத கோணல் இன்று இருந்தால் வண்டியைக் கூப்பிடவேண்டும். சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே வரவேண்டும்.

எங்கள் பக்கத்திலும் பிழை இருந்தது. பிரஷர் கூடவாக இருப்பதை வண்டியில் வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். லபெட்டலோலை நாங்கள் ஸ்கானுக்குப் பிறகுதான் எடுக்கப் போனோம். அதை முதலே எடுத்துவைத்திருந்தால் சில நிமிடம் மிஞ்சியிருக்கும். இப்போது ஸ்கான் அறைக்குப் போகும் தட்டிலேயே அது இருக்கிறது. அனுமதிப் படிவத்தில் ‘கடைசியாக நல்லபடி இருந்த நேரம்’ என்ற வரிக்குக் கீழே பேனையால் இன்னொரு வரி சேர்த்திருக்கிறோம்: ‘போனில் படம் உண்டா? எடுத்த போனில் பார்த்தீர்களா?’